நாற்பது அலாரம், ஒரே பழுது: நாக் இரவு ஷிஃப்டில் நடப்பது என்ன?

இணையச் சேவை நிறுவனங்களிலும் மொபைல் நிறுவனங்களிலும் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர் என்று ஓர் அறை இருக்கும். எல்லோரும் சுருக்கமாக நாக் என்பார்கள். சுவர் முழுக்கத் திரைகள், வரிசையாக மேசைகள், இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மூன்று பேர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் போலத் தெரியும். ஆனால் அலாரத்தைப் பார்ப்பது மென்பொருளின் வேலை, அதற்குத் தூக்கம் வராது. நாற்பது அலாரம் ஒன்றாக வந்து விழும்போது அதில் காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பதும், யாரை எப்போது எழுப்புவது, எழுப்பி என்ன சொல்வது என்று முடிவெடுப்பதும்தான் அங்கே இருக்கும் மனிதரின் வேலை.

இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது. ஒரே ஓர் இரவை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். ஊர்கள் நமக்குத் தெரிந்தவை. வலையமைப்பும் நேரங்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை, ஆனால் இப்படி நடக்கும் இரவுகள் இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஒரு நிறுவனத்தின் நாக் புதுச்சேரியில் இருக்கிறது. அதன் ஃபைபர் பாதை ஒரு வளையம், அதாவது ரிங். புதுச்சேரியில் தொடங்கி தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கடலூர் வரை தெற்கே போகிறது. கடலூரிலிருந்து பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சுற்றி மறுபடியும் புதுச்சேரிக்கே வந்து சேர்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு ரவுட்டர், ஊருக்கும் ஊருக்கும் இடையே 10 ஜிகாபிட் இணைப்பு. ரிங்கில் ஓர் இடம் அறுந்தாலும் போக்குவரத்து எதிர்த்திசையில் சுற்றிப் போய்விடும். அதற்காகத்தான் ரிங் போடுகிறார்கள்.

நவம்பர் 12, அதிகாலை 2:14. திரையில் சிவப்பு கொட்டுகிறது. ரவுட்டர் இணைப்பு விழுந்தது, அதன் மேல் ஓடிய, வழியைத் தீர்மானிக்கும் ரவுட்டிங் விழுந்தது, அதை நம்பியிருந்த டனல்கள் விழுந்து எழுந்தன, பிங் சோதனைகள் ஒரு சுற்று தவறின. ஒரு நிமிடத்துக்குள் நாற்பது சொச்சம் அலாரம். தவளக்குப்பம் ரவுட்டரின் பதிவில் முதல் இரண்டு வரி இப்படி இருக்கிறது:

```
Nov 11 20:44:07.412 UTC: %LINK-3-UPDOWN: Interface TenGigabitEthernet0/1/0, changed state to down
Nov 11 20:44:07.415 UTC: %OSPF-5-ADJCHG: Process 1, Nbr 10.20.0.4 on TenGigabitEthernet0/1/0 from FULL to DOWN, Neighbor Down: Interface down or detached
```

தேதியைக் கவனியுங்கள். பல இடங்களில் கருவிகளின் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அதனால் இங்கே 12ஆம் தேதி 2:14 என்பது பதிவில் 11ஆம் தேதி 20:44. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவே நடக்கும் எந்தப் பழுதுக்கும் இந்தத் தேதி மாறும் சிக்கல் உண்டு. பழுதைப் பதிவுசெய்யும் டிக்கெட்டில் ஒரு நேரம் நம் கணக்கிலும் இன்னொரு நேரம் யு.டி.சி. கணக்கிலும் கலந்துவிட்டால், மறுநாள் ஆராய்பவர் இல்லாத ஒரு பழுதைத் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, இந்த நாற்பதில் எது முதல்? மூன்று மில்லி செகண்ட் இடைவெளியில் வந்த இரண்டு வரியில், வலையமைப்பின் கீழ் அடுக்கில், அதாவது கேபிளுக்குப் பக்கத்தில், இருப்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் இன்டர்ஃபேஸ் விழுந்தது, அதனால் ரவுட்டிங் உறவு அறுந்தது. இரண்டாவது வரியின் முடிவே அதைச் சொல்கிறது. இன்டர்ஃபேஸ் நன்றாக இருந்து ரவுட்டிங் மட்டும் விழுந்திருந்தால் கதை வேறு. அப்போது சந்தேகம் கேபிள் மேல் போகாது, அமைப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று போகும்.

அதனால் அடுத்துப் பார்க்க வேண்டியது அன்றைய திட்டமிட்ட பணிகளின் பட்டியல். ரவுட்டரில் மாற்றம் செய்வது, கேபிளை இடம் மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் நடக்கும், அப்போதுதான் பயன்பாடு குறைவு. இந்தப் பகுதியில் இன்று அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் இது நிஜப் பழுது.

இப்போது மூன்று சாத்தியங்கள் முன்னால் நிற்கின்றன. கிருமாம்பாக்கத்தில் மின்சாரம் போய் ரவுட்டரே அணைந்திருக்கலாம். ஏதாவது ஒரு முனையில் ஒளியை அனுப்பி வாங்கும் எஸ்.எஃப்.பி. மாட்யூல் கெட்டிருக்கலாம். அல்லது கேபிள் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் அனுப்ப வேண்டிய ஆள் வேறு வேறு. தவறான ஆளை அனுப்பினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

மின்சாரமா என்பது உடனே தெரிந்துவிடும். ரிங்கின் மறுபக்கமாக, அதாவது விழுப்புரம், பண்ருட்டி, கடலூர் வழியாகக் கிருமாம்பாக்கம் ரவுட்டருக்குள் நுழைய முடிகிறது. ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, மின்சாரம் காரணமில்லை. தவிர, மின்சாரத்தால் வரும் பழுது திடீரென்று வராது. முதலில் மெயின்ஸ் போன அலாரம், பிறகு பேட்டரி குறையும் அலாரம், அப்புறம்தான் ரவுட்டர் விழும். இங்கே முன்னறிவிப்பே இல்லை.

மாட்யூலா கேபிளா என்பதைப் பார்க்க ஒளியின் அளவைக் கேட்க வேண்டும்:

```
show interfaces TenGigabitEthernet0/1/0 transceiver
```

இந்த இடத்தில் புதியவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையிலும் இணைப்பு "டவுன்" என்று காட்டுகிறது, அதனால் கேபிள் அறுந்தது என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில், ஒரு முனைக்கு ஒளி வரவில்லை என்றால் அது எதிர்முனைக்கு "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று குறிப்பு அனுப்பும். அதைக் கேட்டு எதிர்முனையும் இணைப்பை இறக்கிவிடும். ஆக ஒரே ஒரு இழை, ஒரே ஒரு மாட்யூல் கெட்டாலும் இரண்டு பக்கமும் டவுன்தான். வேறுபாடு ஒளி அளவில்தான் தெரியும்.

ஒளியின் வலிமையை டி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள், எண் மைனஸில் கீழே போகப் போக ஒளி குறைவு. தவளக்குப்பத்தில் அனுப்பும் ஒளி −1.2 டி.பி.எம். வழக்கமான அளவு. வாங்கும் ஒளி −40. அதாவது ஒளியே இல்லை, நேற்றுவரை −5.1 இருந்தது. கிருமாம்பாக்கத்திலும் அனுப்புவது சரியாக இருக்கிறது, வாங்குவது −40. இரண்டு முனையும் அனுப்புகின்றன, இரண்டு முனைக்கும் எதுவும் வந்து சேரவில்லை. போகும் இழை, வரும் இழை இரண்டும் ஒரே நொடியில் போயிருக்கின்றன. இது நடுவழியில் கேபிள் அறுந்ததற்கான அடையாளம்.

ஆறு நிமிடத்தில் இவ்வளவும் முடிந்து, 2:20க்கு டிக்கெட் திறக்கப்படுகிறது. நல்ல டிக்கெட்டில் பழுதின் தொடக்கம் 2:14 என்றுதான் இருக்கும், டிக்கெட் எழுதிய 2:20 அல்ல. இந்த நிறுவனத்தில் வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்ட சேவை நேரக் கணக்கு முதல் அலாரத்திலிருந்து ஓடுகிறது. இரண்டு முனைகளின் பெயர், போர்ட், ஒளி அளவு முன்பும் இப்போதும், மாற்றுப்பாதை வேலை செய்கிறதா, யாருக்குச் சொல்லியாயிற்று, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, இவையெல்லாம் இருக்க வேண்டும். மற்ற எல்லா அலாரத்தையும் இந்த ஒரே டிக்கெட்டில் கட்டிவிட வேண்டும். தனித்தனியாக நாற்பது டிக்கெட் திறந்தால் உண்மையான பழுது அதற்குள்ளேயே புதைந்துவிடும்.

தீவிரம் என்ன? இந்த நேரத்தில் யாருக்கும் இணையம் போகவில்லை. கடலூர்ப் போக்குவரத்து பண்ருட்டி வழியாகச் சுற்றிப் போகிறது. ஆகவே இது கிரிட்டிகல் இல்லை, மேஜர். ஆனால் "காலையில் பார்க்கலாம்" என்று விடவும் முடியாது. அதிகாலையில் கடலூர்ப் பக்கம் 2 ஜிகாபிட்தான் ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அதுவே 7 ஆகும். பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்துக்கு அந்த நேரத்தில் 6 வேண்டும். 13ஐ 10க்குள் அடைக்க முடியாது. மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் தவளக்குப்பம் தவிர ரிங்கில் அந்தப் பக்கம் இருக்கிற எல்லா ஊரிலும் வேகம் விழும். 2:24க்கு, அறுந்த இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் டீமுக்கு அழைப்பு போகிறது.

"அண்ணே, தவளக்குப்பம் கிருமாம்பாக்கம் நடுவுல கேபிள் கட். ரெண்டு முனையிலயும் ரிசீவ் இல்ல, டிரான்ஸ்மிட் சரியா இருக்கு. டிராஃபிக் சுத்திப் போகுது. தவளக்குப்பத்துல ஓ.டி.டி.ஆர். போட ஒருத்தர், கிருமாம்பாக்கத்துல ஒருத்தர் வேணும்."

"சரி தம்பி. இருபத்திநாலு கோர்தானே? கிளம்புறோம்."

இந்த நான்கு வாக்கியத்தில் அவருக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்த மனிதரிடம் "கடலூர் லிங்க் டவுன்" என்று மட்டும் சொன்னால், அவர் கேட்கப்போகும் அடுத்த ஆறு கேள்விக்கும் பதில் தேடிக்கொண்டே பத்து நிமிடம் போகும்.

ஓ.டி.டி.ஆர். கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய ஒளி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோ செகண்ட். அதைக் கொண்டு அறுந்த இடத்தின் தூரம் தெரியும். ஆனால் அது இழையின் தூரம், சாலையின் தூரம் அல்ல. குழிகளிலும் ஜாயின்ட்களிலும் கேபிளைச் சுருட்டி மிச்சம் வைத்திருப்பார்கள். அதனால் 6 கிலோமீட்டர் சாலைக்குக் கேபிள் 6.8 கிலோமீட்டர் இருக்கும்.

தவளக்குப்பத்திலிருந்து அளந்தால் 2.94 கிலோமீட்டரில் முடிகிறது. கிருமாம்பாக்கத்திலிருந்து 3.71. கூட்டினால் 6.65. மொத்தம் 6.8 என்பது பழைய பதிவில் இருக்கிறது. மீதி 150 மீட்டர் எங்கே? இரண்டு பக்கமும் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். ஜே.சி.பி. கேபிளில் மாட்டினால் பட்ட இடத்தில் மட்டும் அறுப்பதில்லை, பிடித்து இழுத்துவிடும். அந்த இழுவையில் சற்றுத் தள்ளி, மண்ணுக்கு அடியில் இன்னோர் இடத்திலும் இழை முறியும். ஒரு பக்கம் மட்டும் அளந்து, கண்ணுக்குத் தெரிந்த முனைகளை ஒட்டிவிட்டு, இணைப்பு வரவில்லையே என்று மறுபடி தேடுவது ஒரு மணி நேர இழப்பு. இப்போது முன்கூட்டியே தெரிந்துவிட்டது: நடுவே ஏறத்தாழ 200 மீட்டர் புதுக் கேபிள் போட வேண்டும், ஒன்றுக்குப் பதில் இரண்டு ஜாயின்ட்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே 3:06க்கு இன்னோர் அலாரம் வருகிறது. பண்ருட்டி, மெயின்ஸ் ஃபெயில். மற்ற நாளில் இது மைனர். மின்சாரம் போகும், பேட்டரி தாங்கும், மின்சாரம் வரும், அலாரம் தானே மறையும். ஓர் இரவில் இப்படிப் பத்து வரும். மென்பொருளும் மஞ்சள் நிறத்தில்தான் காட்டுகிறது.

இன்று அது மஞ்சள் இல்லை. தெற்கே கேபிள் அறுந்து கிடக்கிறது. கிருமாம்பாக்கமும் கடலூரும் வெளியுலகத்தோடு பேச இருக்கும் ஒரே வழி பண்ருட்டி. அங்கே பேட்டரி தீர்ந்தால் கடலூர் முழுக்கத் துண்டிக்கப்படும். தனித்தனியாக ஒரு மேஜர், ஒரு மைனர், சேர்த்தால் கிரிட்டிகல். இந்தக் கூட்டலைச் செய்ய ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் இரவு ஷிஃப்டுக்கு ஆள் போடுவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? காகிதக் கணக்கு எளிது. 48 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் பேட்டரி, 30 ஆம்பியர் சுமை என்றால் ஆறரை மணி நேரம். அதை நம்பக்கூடாது. பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவு சுருங்கும், நம் கடலோர வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். இதைவிட நல்ல சான்று டிக்கெட் வரலாற்றில் இருக்கிறது. போன மாதம் இதே இடத்தில் மின்சாரம் போனபோது, பேட்டரி குறைவு அலாரம் 1 மணி 50 நிமிடத்தில் வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இன்று 4:56. அதற்கு மேலும் மின்னழுத்தம் 43 வோல்ட்டை நெருங்கினால், பேட்டரியைக் காப்பாற்றச் சுமையைத் தானே துண்டித்துவிடும் அமைப்பு உண்டு. ஸ்ப்ளைசிங் டீமோ 200 மீட்டர் கேபிள் போட்டு 24 இழையையும் ஒட்டி முடிக்கக் காலை ஆறரை மணி ஆகிவிடும் என்கிறது. ஆக பேட்டரி முதலில் தீரும்.

இங்கேதான் எஸ்கலேஷன். அதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் இப்போது வேண்டும். ஒன்று, வேலை தெரிந்த ஆளிடம் போவது: பண்ருட்டிக்கு நகரும் ஜெனரேட்டர் அனுப்பக் கடலூர் மின்பிரிவு ஆளை எழுப்புவது. இன்னொன்று, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போவது: ஷிஃப்ட் லீட் வழியாக மண்டல மேலாளரை எழுப்புவது. 3:12க்கு முதல் அழைப்பு, 3:15க்கு இரண்டாவது. "சார், கடலூர் இப்ப ஒரே பாதையில இருக்கு. அந்தப் பாதையில பண்ருட்டி பேட்டரியில ஓடுது, அஞ்சு மணிக்குத் தீரும்னு கணக்கு. ஜென்செட்டுக்குச் சொல்லியாச்சு. ஸ்ப்ளைசிங்ல ரிங் இழை ரெண்டையும் முதல்ல ஒட்டச் சொல்லலாமா?" கடைசி வாக்கியம் முக்கியம். மேலாளரை எழுப்பும்போது அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும் என்பது கேள்வியாக அவர் முன்னால் இருக்க வேண்டும்.

எந்தத் தீவிரத்துக்கு எத்தனை நிமிடத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு அட்டவணை இருக்கும். அது கடிகாரத்தை வைத்து எழுதப்பட்டிருக்கும், உறுதியை வைத்து அல்ல. காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தயங்குவது இந்த வேலையில் மிகவும் இயல்பான ஆசை. அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகும். தெரியாத நிலையிலேயே "இதுவரை இது தெரிகிறது, இது தெரியவில்லை" என்று சொல்லி எழுப்புவதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலாளர் சரி என்கிறார். 24 இழைகள் இரண்டு குழாய்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக இருக்கின்றன. நிறத்தால் அடையாளம்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று போகும். ரிங் ஓடுவது நீலக் குழாயில் நீல இழையிலும் ஆரஞ்சு இழையிலும். இதைக் குழிக்குள் நிற்பவர் ஊகிக்க முடியாது, நாக் அறையில் இருப்பவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குள் ரவுட்டரில் ஒரு சின்ன வேலை. இழையை ஒட்டும்போது ஒளி வரும், போகும், வரும். ஒவ்வொரு முறையும் போக்குவரத்து இந்தப் பக்கம் தாவி, மறுபடி அந்தப் பக்கம் தாவினால் வாடிக்கையாளருக்கு அடிக்கடி விக்கும். போர்ட்டையே மூடிவிடலாம்தான். ஆனால் அப்போது லேசரும் அணைந்துவிடும், ஒட்டிய இழையில் எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்க்க முடியாது. அதனால் இரண்டு முனையிலும் பாதையின் விலையை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார்கள்:

```
ip ospf cost 65535
```

ரவுட்டர் விலை குறைந்த பாதையைத்தான் தேர்ந்தெடுக்கும், அதனால் இணைப்பு எழுந்தாலும் போக்குவரத்து அந்தப் பக்கம் வராது. அதே நேரம், பண்ருட்டி விழுந்துவிட்டால் வேறு வழியில்லாததால் தானே இதில் வந்துவிடும்.

4:30க்குப் பண்ருட்டியில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிறது, பேட்டரி மின்னழுத்தம் ஏறுகிறது. 4:50க்கு இரண்டு ரிங் இழைகளும் ஒட்டப்பட்டு இணைப்பு பச்சையாகிறது. டிக்கெட்டை மூடிவிடலாமா? கூடாது. தவளக்குப்பத்தில் வாங்கும் ஒளி −8.9. முன்பு −5.1 இருந்தது. நல்ல ஸ்ப்ளைஸ் ஒன்றுக்கு 0.1 டி.பி.க்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. இரண்டு புது ஜாயின்ட்டுக்கு −5.3, அளவீட்டின் சிறு வித்தியாசத்தோடு −5.4 வரலாம். ஆனால் இங்கே நான்கு டி.பி.க்குப் பக்கம் எங்கேயோ போகிறது. இந்த வகை மாட்யூல் −14.4 வரை வேலை செய்யும், அதனால் இணைப்பு எழுந்துதான் இருக்கும், இன்றைக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மழையில் மண் இறங்கி இன்னும் கொஞ்சம் குறையும்போது பிழைகள் தொடங்கும், அன்றைக்குக் காரணம் தெரியாது. ஜாயின்ட் பெட்டியை மண்ணில் புதைப்பதற்கு முன்பு சொன்னால் ஐந்து நிமிட வேலை. "அண்ணே, தவளக்குப்பம் ரிசீவ் மைனஸ் எட்டு புள்ளி ஒன்பது. டிரேல ஃபைபர் எங்கயாவது மடங்கியிருக்கா பாருங்க." பார்த்தால், சுருட்டி வைத்த இடத்தில் ஆரஞ்சு இழை மூடியின் ஓரத்தில் இறுக்கமாக வளைந்திருக்கிறது. சரிசெய்து வைத்ததும் 5:05க்கு −5.4. பாதையின் விலை பழையபடி இறக்கப்படுகிறது, போக்குவரத்து நேர்வழிக்குத் திரும்புகிறது.

இந்த முறை எல்லா இரவுக்கும் பொருந்தாது. பல அலாரத்துக்கு ஒரே காரணம் என்ற ஊகம் சாதாரண நாளில் சரியாக வரும், புயல் நாளில் அது ஆபத்தானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது, நகரில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் மின்சாரம், கேபிள், கருவி அறையில் தண்ணீர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பழுதுகள் நிஜமாகவே ஒரே நேரத்தில் வரும். ரிங்கின் இரண்டு பக்கமும் ஒரே ஆற்றைக் கடந்தால் மாற்றுப்பாதைக் கணக்கும் ஓரளவுக்குத்தான். அங்கே காரணம் தேடுவதை விட்டுவிட்டு, எந்தத் தளத்தில் எத்தனை மணி நேரப் பேட்டரி மிச்சம், எந்தச் சாலையில் வண்டி போகும் என்ற இரண்டு பட்டியலை வைத்துக்கொண்டு ஜெனரேட்டரை வரிசைப்படுத்துவதுதான் வேலை.

நம் இரவுக்குத் திரும்பினால், ஷிஃப்ட் மாறும் ஏழு மணிக்கு மூன்று விஷயம் கைமாறுகிறது. கேபிள் டிக்கெட் மூடப்படவில்லை. 24 இழையும் 6:40க்கு முடிந்தன, ஆனால் புதுக் கேபிள் சாலையோரத்தில் மேலாகத்தான் கிடக்கிறது, குழி தோண்டிப் புதைக்கும்வரை அது தற்காலிகம். பண்ருட்டியில் மின்சாரம் 5:20க்கு வந்துவிட்டது. இருந்தாலும் பேட்டரி முழுதாக ஏறும்வரை ஜெனரேட்டரை அங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, பண்ருட்டி பேட்டரிக்கு டிஸ்சார்ஜ் சோதனை கேட்டுத் தனியாக ஒரு டிக்கெட். அதில் போன மாத டிக்கெட்டின் எண்ணும், காகிதத்தில் ஆறரை மணி நேரம், நடப்பில் 1 மணி 50 நிமிடம் என்ற இரண்டு அளவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன.